சம்பந்தம் வரையாத அம்புக்குறி

சம்பந்தம் நல்ல மனிதர் என்று சொன்னால் இப்போதெல்லாம் அவருக்குக் கோபம் வருகிறது. "அத மட்டும் சொல்லாதீங்க மேடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆகவே அதைச் சொல்லாமல், அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் என்ன செய்தேன் என்பதும் நடுவில் வரும். அதை விட்டுவிட்டு எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அங்கே நான் உயிர்வேதியியல் ஆசிரியை, பெயர் ஜெயஸ்ரீ. சம்பந்தம் அதே துறையில் லேப் டெக்னீஷியன். நான் சேர்ந்தபோதே அவர் அங்கே ஆறு வருடம் பழையவர். கோவளத்து மீனவர் குடும்பம். அந்தக் குப்பத்திலிருந்து முதன்முதலாக டிப்ளமா படித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர் அவர்தான். இரும்புலியூரில் வீடு. சைக்கிளில் வருவார், தேய்த்த வெள்ளைச் சட்டையில் வேர்வைகூடத் தெரியாது. எப்படித்தான் அப்படி வருகிறாரோ என்று எங்களுக்கெல்லாம் பொறாமை.

ஊரில் அவருக்குப் பெயர் 'அரை டாக்டர்'. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவரும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டுக்கொண்டு படிப்பார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. நான் கிண்டல் செய்வேன். "என்ன சம்பந்தம், இன்னிக்கு ஓ.பி. எத்தனை பேரு?" என்று கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார். அந்தப் பெருமைக்கு எண்ணெய் ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி.

அவருடைய உண்மையான திறமை வேறு. படம் வரைவது. துறைக்குப் புரொஜெக்டர் வந்த பிறகும் பாதி நாள் அதன் விளக்கு எரியாது, மீதி நாள் கரண்ட் இருக்காது. ஆகவே சம்பந்தம் போஸ்டர் கலரில் வரைந்த சார்ட்டுகளைத்தான் ஆணியில் மாட்டிப் பாடம் நடத்துவோம். நாங்கள் புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும், நான்கு நாளில் ஆளுயரச் சார்ட் வந்துவிடும். வரைகிற ஒவ்வொன்றையும் புரிந்துகொண்டுதான் வரைவார். புரியாவிட்டால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து நிற்பார்.

2003-ல் கொலஸ்டிரால் சார்ட் வரைந்தபோது அப்படித்தான் வந்து நின்றார். நம் உடம்பு கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்கிறது, பெரும்பகுதியும் ஈரலில். கச்சாப் பொருள் அசிட்டைல் என்னும் இரண்டு கார்பன் துண்டு. சோறு, சர்க்கரை, எண்ணெய் என்று எதைத் தின்றாலும் உடைந்து உடைந்து அந்தத் துண்டாக வந்து நிற்கும். அப்படிப் பதினெட்டுத் துண்டுகள் சேர்ந்து, சுருண்டு, வளையமாகி ஒரு கொலஸ்டிரால். சம்பந்தம் ஒவ்வொரு துண்டையும் இரண்டு நீல வட்டமாகப் போட்டிருந்தார்.

"மேடம், பதினெட்டு ரெண்டு முப்பத்தாறு. கடைசில வர்றதுல எண்ணிப் பார்த்தா இருபத்தேழுதான் இருக்கு. ஒம்போது எங்க போச்சு?"

நான் இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் எந்த மாணவனும் அதைக் கேட்டதில்லை. ஆறு கார்பன் நடுவழியிலேயே கரியமில வாயுவாகப் போய்விடும், இன்னும் மூன்று கடைசிக் கட்டத்தில் கழன்றுவிடும் என்று சொன்னேன். முகம் மலர்ந்து போனார். மறுநாள் பார்த்தால், வெளியே போகிற ஒன்பதுக்கும் ஒன்பது சாம்பல் நிறப் புள்ளிகள். அந்தச் சார்ட்டைப் பார்த்து மற்ற கல்லூரிக்காரர்கள் பிரதி கேட்டார்கள்.

அந்தச் சார்ட்டை வைத்து நான் எடுக்கிற வகுப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடந்தது எல்லாம் அதை ஒட்டித்தான். இரண்டு அசிட்டைல் சேர்ந்து நாலு கார்பன், அதோடு மூன்றாவதும் சேர்ந்து ஆறு கார்பன். அதற்கு எச்.எம்.ஜி. கோ-ஏ என்று பெயர். அதை மெவலோனேட் என்ற அடுத்த பொருளாக மாற்றுகிற என்சைமின் பெயர் ரிடக்டேஸ். மொத்தப் பாதையிலும் மெதுவான இடம் அதுதான். அது எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் கொலஸ்டிரால் உற்பத்தியும். "இரும்புலியூர் ரயில்வே கேட் மாதிரி. முன்னாடி பின்னாடி ரோடு எவ்வளவு அகலமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல" என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். கொலஸ்டிராலைக் குறைக்கக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரை அந்த என்சைமின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எச்.எம்.ஜி.யின் சாயலில் அதற்கு ஒரு பகுதி இருப்பதால் என்சைம் ஏமாந்துவிடுகிறது. உற்பத்தி குறைந்ததும் ஈரல் பற்றாக்குறைக்கு ரத்தத்தில் இருக்கிற கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இதுவரை பாடம்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வசனம் பேசுவேன். இந்தப் பாதையில் கொலஸ்டிரால் மட்டும் உண்டாகவில்லை. கீழே போய் ஒரு கிளை பிரிகிறது. தசைகளுக்குச் சக்தி எடுக்க உதவுகிற கோஎன்சைம் கியூவின் ஒரு பகுதியும் அந்தக் கிளையில்தான் உண்டாகிறது. "ஸ்டாட்டின் அடைப்பது கிளை பிரிகிற இடத்துக்கு மேலே. அப்படியென்றால் கீழே இருக்கிற எல்லோரும்தானே பட்டினி?" என்று கேட்டு ஒரு நிமிடம் நிறுத்துவேன். மாணவர்கள் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ரத்தத்தில் அந்தப் பொருள் குறைவது உண்மை. ஆனால் சிலருக்கு வருகிற கால் வலிக்கு அதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அதை மணி அடிக்கும்போது, புத்தகத்தை மூடிக்கொண்டே சொல்வேன். சம்பந்தம் வகுப்பின் கடைசியில் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டுவதற்காக நின்றுகொண்டிருப்பார். வருடா வருடம் கேட்டார்.

வரைந்து முடித்த அன்று சார்ட்டில் வலது பக்கம் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. "இங்க ஏதாச்சும் போடணுமா மேடம்?" என்று கேட்டார். போட வேண்டியது ஒன்று இருந்தது. மாத்திரையால் உற்பத்தி குறையும்போது ஈரல் இன்னொரு வேலையும் செய்கிறது. என்சைமையே முன்னைவிடப் பல மடங்கு அதிகமாகச் செய்து குவித்துக்கொள்கிறது. மாத்திரை அத்தனையின் வாயையும் அடைத்துக்கொண்டிருக்கிறவரை ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் குவிந்து கிடக்கிற என்சைம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும். அதற்கு ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம். தேர்வில் அவ்வளவு கேட்கமாட்டார்கள். எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். "போதும் சம்பந்தம், பரீட்சைக்கு இது போதும்" என்றேன்.

சம்பந்தத்துக்கு ஒரே தங்கை, பொன்னி. கோவளத்திலேயே கொடுத்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஸ் நிற்கிற இடத்தில் மீன் விற்பவள். அவள் புருஷன் லோகு, ஃபைபர் படகுக்காரன். 2006-ல், நாற்பத்தெட்டாவது வயதில் அவனுக்கு நெஞ்சு வலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரு ஸ்டாட்டினும் கொடுத்து, இதை விடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான்கைந்து மாதத்தில் லோகுவுக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி. மணலில் படகு தள்ள முடியவில்லை. கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து வலை பிரிப்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. சம்பந்தத்தைத் தேடிக்கொண்டு வந்தான்.

2007 ஜனவரி, ஒரு சனிக்கிழமை மதியம். சம்பந்தம் எங்கள் லேபிலேயே அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார். மொத்தக் கொலஸ்டிரால் நூற்று நாற்பத்திரண்டு. ஸ்டென்டுக்கு முன்னால் இருநூற்றைம்பது. பிறகு அவனை வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய், சார்ட்டை மாட்டி விளக்கியிருக்கிறார். நான் அந்த வழியாகத்தான் போனேன். கருத்து, அகன்ற தோளோடு ஒரு ஆள் கைகட்டி நிற்க, சம்பந்தம் ஸ்கேலால் சார்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "என்ன சம்பந்தம், ஸ்பெஷல் கிளாஸா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

உள்ளே நடந்த பேச்சைச் சம்பந்தம் பிறகு வார்த்தைக்கு வார்த்தை என்னிடம் சொன்னார்.

"மாப்ள, இங்க பாரு. உன் மாத்திரை இந்த எடத்துல நிக்குது. மேலேயே நின்னு அடைச்சுட்டா கீழ எல்லாமே நிக்கும். இதோ இந்தக் கிளை போவுது பாரு, இதுதான் தசைக்குப் போறது. அதான் உனுக்குக் கால் வலி."

"அப்ப நா இன்னா பண்றது மச்சான்? இந்தக் காலை வெச்சிகினு போட்டைத் தள்ள முடில. பேஜாரா கீது."

"உனுக்குத்தான் அளவு நல்லா எறங்கிடுச்சே. கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு. மூணு மாசம் பொறுத்து நானே ரத்தம் எடுத்துப் பாக்கறேன்."

"பொன்னி உடமாட்டாளே. ராவுல துன்ன உடனே மாத்திரையும் தண்ணியும் கையில குடுத்துட்டுத்தான் நகருவா."

"வாங்கிக்க. போடாத."

மருத்துவரிடம் சொல்லியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருப்பார், அளவைக் குறைத்திருப்பார், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியிருப்பார். எத்தனையோ வழி உண்டு. சம்பந்தத்துக்கு அது தோன்றவில்லை. எண் இறங்கியதென்றால் வியாதி போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார். அந்த எண்ணைப் பிடித்து வைத்திருப்பதே மாத்திரைதான் என்பது சார்ட்டில் இல்லை. சார்ட்டில் இல்லாதது எதுவும் அவருக்கு இல்லை. அவரே கையால் வரைந்தது வேறு. அதைவிட ஒரு மனிதனுக்கு வேறு எதில் நம்பிக்கை வரும்?

கால் வலி இரண்டு வாரத்தில் போய்விட்டது. லோகு திரும்பவும் கடலுக்குப் போனான். பிப்ரவரியில் ஒருநாள் கல்லூரிக்கே ஒரு பெரிய வஞ்சிரத்தைப் பனை ஓலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "மச்சான் கொடுத்த காலு மேடம் இது" என்று என்னிடம் தொடையைத் தட்டிக் காட்டினான். சம்பந்தம் அந்த மீனில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டார். எதற்காக என்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன். வறுத்துச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது.

ஏப்ரல் முதல் வாரம், காலை ஏழு மணிக்குப் படகை மணலில் இழுக்கும்போது லோகு உட்கார்ந்துவிட்டான். மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொலஸ்டிரால் மறுபடியும் இருநூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. மருத்துவர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

லோகு பதில் சொல்வதற்குள் பொன்னி முந்திக்கொண்டாள். "ஒரு நாள்கூட உட்டதில்ல சார். நானே என் கையால குடுத்தேன்."

லோகு மச்சானைப் பார்த்தான். பிறகு மருத்துவரிடம், "ஆமா சார், போட்டுகினுதான் இருந்தேன்" என்றான். சம்பந்தம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

"மாத்திரை போட்டும் இவ்வளவு ஏறியிருக்குன்னா சாப்பாடுதான்மா காரணம். என்ன குடுத்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார். விற்றது போக மிச்சமான இறாலை, அவர்கள் பேச்சில் எறாவை, பொன்னி வாரத்துக்கு மூன்று நாள் வீட்டில் செய்வாள். லோகுவுக்கு அது உயிர். அதைச் சொன்னாள். மருத்துவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் லோகு செத்துப்போனான்.

அந்த ஒரு வார்த்தையைப் பொன்னி பிடித்துக்கொண்டாள். என் கையால எறா ஆக்கிப் போட்டே கொன்னுட்டேன் என்று காரியத்தன்று எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு கவுச்சியே நாக்கில் வைக்கவில்லை. மீன்காரி மீன் தின்னாமல் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தாள். வியாபாரத்தை விட முடியாது, இரண்டு பெண் பிள்ளைகள். ஆனால் எறா வாங்க வருகிறவர்களிடம், "வூட்ல ஆர்ட்டு பேஷண்ட் யாருனா கீறாங்களா? அப்ப வேணாம், போ" என்று திருப்பி அனுப்புவாளாம். பக்கத்துக் கூடைக்காரிகள் திட்டினாலும் கேட்கவில்லை.

சம்பந்தம் மாதம் இரண்டு முறை கோவளத்துக்குப் போவார். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கிப் போவார். அவள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "உடு பொன்னி, அதையே நினைக்காத" என்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எறா காரணமில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் வேறு எது காரணம் என்று அவள் கேட்பாள். தங்கை உண்மையை அறியாதவரை தான் தப்பித்தோம் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் திரும்பும்போது தோன்றுமாம். அடுத்த நிமிடமே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுமாம். இதெல்லாம் அவர் வாயாலேயே பிறகு சொன்னது. அந்த ஒரு வருடமும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் கொஞ்சம் மெலிந்தார், சர்க்கரையோ என்று நினைத்தோம்.

2008 ஏப்ரலில் அதே வகுப்பு, அதே சார்ட். ஹேமநாத் என்று ஒரு மாணவன் எழுந்தான்.

"மேடம், எங்கப்பா மூணு வருஷமா ஸ்டாட்டின் போடறாரு. அளவு நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டா என்ன ஆகும்?"

நல்ல கேள்வி என்று எனக்கு உற்சாகம். அதுவரை வகுப்பில் சொல்லாத என்சைம் குவிகிற கதையைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். "மாத்திரை இருக்கிறவரைக்கும் ஈரல் ரிடக்டேஸைச் செஞ்சு சேர்த்துக்கிட்டே இருக்கு. நிறுத்தின மறுநாளே அவ்வளவும் வேலை செய்ய ஆரம்பிச்சுடும். சில வாரத்துல கொலஸ்டிரால் பழைய இடத்துக்கே வந்துடும். முக்கியமா ஸ்டென்ட் வெச்சவங்க, ஹார்ட் அட்டாக் வந்தவங்க, தானா நிறுத்தவே கூடாது. அளவு நார்மலா இருக்குன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். தேவையில்லைன்னு அர்த்தம் இல்ல."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் சம்பந்தம் சார்ட்டைக் கழற்றவில்லை. அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நீங்க இப்ப சொன்னது இதுல இல்லியே."

"இடம் இருந்தது. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஏன் சம்பந்தம்?"

அவர் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. ரிப்போர்ட் படிப்பது மாதிரி தேதி, அளவு, எண் எல்லாம் வரிசையாகச் சொன்னார். கடைசியில், "நாந்தான கொன்னேன் மேடம்?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆமாம் என்றும் சொல்ல முடியாது. "அதை யாராலயும் நிச்சயமா சொல்ல முடியாது சம்பந்தம். மாத்திரை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். போட்டிருந்தா வர்ற வாய்ப்பு குறைஞ்சிருக்கும்" என்றேன். புத்தகம் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கே. அந்த வஞ்சிர மீன் ஞாபகம் வந்தது. பட்டினி கிட்டினி என்று நான் ரசித்துப் பேசிய வசனத்தைத்தான் அவர் லோகுவிடம் சொல்லியிருக்கிறார். என் வாயிலிருந்து போன சொல் அது.

"பொன்னி இன்னும் அவதான் கொன்னான்னு நினைச்சுகினு இருக்கா. நா சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க வந்து எறா காரணமில்லைன்னு சொல்லுங்க மேடம். மீதிய நா சொல்லிட்றேன்."

வருகிறேன் என்றேன். அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. அடுத்த வாரம் விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம் ஒரு இன்ஸ்பெக்ஷன். எதுவும் பொய்யில்லை. ஆனால் எந்த நாளாவது ஒரு அரை நாள் கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சம்பந்தம் தினமும் காலையில் என் மேசைக்கு வந்து நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார், போய்விடுவார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வண்டலூரில் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் வந்து சேரப் பதினோரு மணி. பொன்னி வியாபாரத்தை முடித்து வீட்டு வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒட்டிய கன்னம், சேலை தோளில் தொங்கியது. "வாங்கம்மா. அண்ணன் உங்களப் பத்திச் சொல்லும்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சம்பந்தம் உட்காரவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். "பொன்னி, நீ எறா போட்டதால உன் வீட்டுக்காரருக்கு இது வரல. நான் டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்கு இதைத்தான் சொல்லித்தர்றேன். கொலஸ்டிரால்ல முக்காவாசிய உடம்பே செஞ்சுக்குது, ஈரல்ல. சோறு, கஞ்சி, சர்க்கரை, எது உள்ள போனாலும் அதை உடைச்சு, அந்தத் துண்டுலேருந்து செஞ்சுக்கும். நீ வெறும் கஞ்சி மட்டும் குடுத்திருந்தாலும் செஞ்சிருக்கும். வாரத்துக்கு மூணு நாள் எறா துன்னதால அளவு அப்படி நூறு புள்ளி ஏறாது."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நெசமாவாம்மா?"

"நிஜமா."

"சமாதானத்துக்குச் சொல்லலியே?"

"இல்லம்மா."

அவள் முகத்தில் எதுவோ தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். நான் பயந்த கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. "அப்ப எப்டிம்மா ஏறுச்சு? அத்த அடக்கத்தான் மாத்திரைன்னாங்க. நா தெனம் குடுத்தேனே."

நான் சம்பந்தத்தைப் பார்த்தேன். ஏதாவது முன்னுரை சொல்வார் என்று நினைத்தேன்.

"அவன் போடல பொன்னி. நாந்தான் நிறுத்தச் சொன்னேன். உங்கையில வாங்கிகினு வெளிய வந்து மண்ணுல போட்டுடுவான். கால் வலின்னு வந்தான். எனக்குத் தெரியும்னு நினைச்சு சொல்லிட்டேன்."

பொன்னி அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரில டாக்டரு கேட்டப்பவே உனுக்குத் தெரியுமா?"

"மாத்திரை போடலன்னு தெரியும்."

"அவுரு என்னாண்ட எறா எறான்னு சொல்றப்ப நீ பக்கத்துலதான் நின்ன."

"ஆமா."

நான் இடையில் புகுந்தேன். மாத்திரை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, எனக்கும் இதில் பங்கு உண்டு, நான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"அது சாவட்டும்மா. தெரியாம சொல்லிட்டான், அவுரும் கேட்டுட்டாரு. கால் நல்லா ஆவணும்னுதான சொன்னான். அதுக்கு நா இன்னா பண்ண முடியும்?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒரு வருசமா வந்து போய்கினு கீற. நா சோறு துன்னாம கீறத பாத்துகினு கீற. எம்பொண்ணு என்னப் பாத்து, நீதான் அப்பாவக் கொன்னன்னு ஒரு நாள் சொன்னா. அப்பவும் நீ இதே எடத்துலதான் உக்காந்து இருந்த. அது தெரியாம பண்ணதாண்ணா?"

சம்பந்தம் நின்ற இடத்திலேயே குந்தி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

பொன்னி அவரைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. என்னைப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

தேர்வு, விடைத்தாள், இன்ஸ்பெக்ஷன் என்று பஸ்ஸில் வரும்போதே வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மூணு வாரமாச்சு" என்றேன்.

"மூணு வாரம்" என்று அவளும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.